முழங்கால் மூட்டு மாற்று: அரசு மருத்துவமனையா, தனியாரா? செலவு, காத்திருப்பு, மருத்துவர் மூன்றையும் கணக்கிட்டு முடிவெடுக்கும் வழி

மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை நாள் குறித்துத்தான் செய்வார்கள். இன்று செய்தாலும் மூன்று மாதம் கழித்துச் செய்தாலும் பலன் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எங்கே செய்வது என்பதை நிதானமாக யோசிக்க இடம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இந்த முடிவு ஒரே நாளில் எடுக்கப்பட்டுவிடுகிறது. "அரசு ஆஸ்பத்திரி என்றால் இழுத்தடிப்பார்கள்" என்று ஒருவர் சொல்வார், "தனியாரில் பணத்தைப் பிடுங்குவார்கள்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பது இவற்றால் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத் தேவையான கணக்கைத் தமிழ்நாட்டுச் சூழலில், முழங்கால் மூட்டை எடுத்துக்கொண்டு, வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: அறுவை சிகிச்சை தேவைதானா என்பதை உறுதி செய்யுங்கள்

மருத்துவமனையைத் தேடுமுன் கையில் இருக்கவேண்டியது ஒரு நல்ல எக்ஸ்ரே. நோயாளியை நிற்கவைத்து, இரண்டு காலிலும் எடை ஊன்றிய நிலையில் எடுத்ததாக இருக்கவேண்டும். படுக்கவைத்து எடுத்த படத்தில் மூட்டு இடைவெளி இருப்பதுபோலவே தெரியும். நின்றால்தான் எலும்பும் எலும்பும் உரசுவது தெரியவரும். காப்பீட்டு அனுமதி கேட்டு அனுப்பும்போது விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு இந்த எக்ஸ்ரே கோளாறும் ஒரு காரணம்.

எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது என்பதற்காக மட்டும் மூட்டை மாற்றக்கூடாது. வலி மாத்திரை, எடை குறைப்பு, தொடைத் தசைப் பயிற்சி ஆகியவற்றைச் சில மாதம் ஒழுங்காகச் செய்தும் ராத்திரி வலியில் தூக்கம் கெடுகிறது, வீட்டுக்குள் நடக்கவே பிடிமானம் தேவைப்படுகிறது என்ற நிலை வந்தால்தான் அடுத்த பேச்சு.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வலிக்காக மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், அதன்பின் மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றுவது கிருமித்தொற்று அபாயத்தைக் கூட்டும். ஊசி போட்ட தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

படி 2: உங்கள் முன் இருப்பது மூன்று வழிகள்

அரசா தனியாரா என்று கேட்கும்போது நடுவில் இருக்கும் ஒரு வழி கண்ணில் படாமல் போய்விடுகிறது. அரசு மருத்துவமனையில் செய்வது முதல் வழி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்த தனியார் மருத்துவமனையில், அட்டையைக் காட்டிப் பணம் கட்டாமல் செய்வது இரண்டாவது வழி. தனியாரில் சொந்தப் பணத்திலோ நீங்கள் பிரீமியம் கட்டிய பாலிசியிலோ செய்வது மூன்றாவது வழி.

இரண்டாவது வழி உங்களுக்குத் திறந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ளவேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கும் அதைப் பொறுத்து மாறும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் இந்தத் திட்டத்தில் சேரலாம். 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட பிறகு, ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகவேண்டும். சந்தேகம் இருந்தால் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993.

சிக்கல் வருவது பெயரில்தான். நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கவேண்டும். அம்மாவின் பெயரை ஒரு மகன் கார்டிலிருந்து இன்னொரு மகன் கார்டுக்கு மாற்றி, காப்பீட்டு அட்டை பழைய கார்டிலேயே கிடந்தால் அனுமதி நின்றுவிடும். ஆதாரில் "செல்லம்மாள்", ரேஷன் கார்டில் "செல்லம்மா" என்று இருந்தாலும் கவுன்டரில் கேள்வி வரும். இதையெல்லாம் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், மருத்துவரைப் பார்க்கத் தொடங்கும் அன்றே இந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

அட்டை கையில் வந்ததும், நீங்கள் நினைக்கும் தனியார் மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்தத் திட்டத்தில் மூட்டு மாற்றுக்கு உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?" என்பது முதல் கேள்வி. திட்டத்தில் பதிவு பெற்ற மருத்துவமனை எல்லாச் சிகிச்சைக்கும் பதிவு பெற்றிருக்கும் என்று சொல்லமுடியாது. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கும். "கையிலிருந்து ஏதாவது கட்டவேண்டுமா?" என்பது இரண்டாவது. திட்டத்தின் கீழ் அனுமதி வாங்கிய சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாகப் பணம் வாங்கக்கூடாது. "கார்டில் சாதா மூட்டுதான் வரும், நல்ல மூட்டு வேண்டுமானால் மேலே கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், அதே இலவச எண்ணில் புகார் செய்யலாம். கட்டுவதற்கு முன்பே அழைத்துவிடுங்கள், கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது கடினம்.

படி 3: செலவைப் பில்லோடு நிறுத்தாமல் கணக்கிடுங்கள்

அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. காப்பீட்டு அட்டை இருந்தால் செயற்கை மூட்டும் அதிலேயே வந்துவிடும், ஏனென்றால் அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தின் கீழ்த் தொகை பெறுகின்றன. அட்டை இல்லாதவர்களிடம் மூட்டை மட்டும் வெளியில் வாங்கித்தரச் சொல்லக்கூடும். அப்படியானால் அரசில் செய்தாலும் ஒரு பெரிய தொகை உண்டு.

அந்தத் தொகைக்கு ஓர் உச்சவரம்பு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டு உபகரணங்களுக்கு விலை வரம்பு போட்டது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகை முழுத் தொகுப்புக்கு அப்போது வைத்த வரம்பு 54,720 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி தனி. சேர்த்தால் 57,456. வரம்பு பிறகும் நீட்டிக்கப்பட்டு வந்தது, தொகை மாறியிருக்கலாம் என்பதால் நடப்பு வரம்பைக் கேட்டுப் பாருங்கள். மருத்துவமனை பில்லில் மூட்டின் விலை, கம்பெனி பெயர், பேட்ச் எண் மூன்றும் தனி வரியாக இருக்கவேண்டும். "பேக்கேஜ் 2,40,000" என்று ஒரே வரியில் எழுதிக்கொடுத்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

தனியாரில் சொந்தப் பணத்தில் செய்தால் ஒரு காலுக்குச் சுமார் ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை ஆகும், பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகளில் அதற்கு மேலும் போகும். வெளியில் சொல்லும் பேக்கேஜ் தொகைக்குள் வராதவை எவை என்பதுதான் முக்கியம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைகள், இதய எக்கோ, ஐசியூவில் ஒரு நாள், ரத்தம் ஏற்றினால் அதன் செலவு, சர்க்கரை மருத்துவரோ இதய மருத்துவரோ வந்து பார்த்தால் அவர்கள் கட்டணம், குறித்த நாளுக்கு மேல் தங்கினால் ஆகும் வாடகை, வீட்டுக்கு வந்தபின் மருந்து, பிசியோதெரபி. இவற்றை வரிசையாகச் சொல்லி, உள்ளே வருகிறதா வெளியேயா என்று எழுதி வாங்குங்கள். ரோபோ உதவியுடன் செய்வதற்குக் கூடுதல் கட்டணம் கேட்டால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். எலும்பை வெட்டும் துல்லியம் கூடுகிறது என்பது உண்மைதான், ஆனால் மூட்டு கூடுதல் ஆண்டுகள் உழைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை.

சொந்தப் பாலிசி இருப்பவர்கள் இரண்டு பக்கங்களைப் பார்க்கவேண்டும். ஒன்று காத்திருப்புக் காலம். மூட்டு மாற்றுக்கு மட்டும் இரண்டு அல்லது மூன்று ஆண்டு காத்திருப்பு வைத்திருக்கும் பாலிசிகள் ஏராளம். 2024-இல் வந்த விதிப்படி அது மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது. இன்னொன்று அறை வாடகை வரம்பு. பில்லில் பெரிய ஓட்டை விழுவது இங்கேதான், அதனால் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பாலிசி 3 லட்சம், அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்குகிறார். வாடகை 30,000. மருத்துவர், மயக்க மருத்துவர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,10,000. மூட்டு 57,456. மருந்தும் பரிசோதனையும் 35,000. மொத்தம் 2,32,456. பாலிசித் தொகைக்குள்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வரம்பைப்போல் இரண்டு மடங்கு வாடகை அறையில் தங்கியதால், வாடகையோடு சேர்த்து மருத்துவர், தியேட்டர் கட்டணமும் பாதியாக வெட்டப்படும். மூட்டு, மருந்து, பரிசோதனைக்கு மட்டும் இந்த வெட்டு கிடையாது. ஆக காப்பீட்டு கம்பெனி தருவது 15,000 + 55,000 + 57,456 + 35,000, அதாவது 1,62,456. மீதி 70,000 உங்கள் கையிலிருந்து. வாடகை வித்தியாசம் வெறும் 15,000 என்று நினைத்துத் தனி அறை கேட்டவர் டிஸ்சார்ஜ் அன்று திகைத்து நிற்பது இதனால்தான். இதே நோயாளி 3,000 ரூபாய் அறையில் தங்கியிருந்தால் இந்த வெட்டே விழாது.

படி 4: காத்திருப்பு நாளைக் கேட்டுக் கணக்கிடுங்கள்

அரசு மருத்துவமனையில் எவ்வளவு நாள் ஆகும் என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்லமுடியாது, ஏனென்றால் அது யூனிட்டுக்கு யூனிட் மாறும். எலும்பு சிகிச்சைப் பிரிவு பல யூனிட்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப், வாரத்தில் குறிப்பிட்ட ஓ.பி. நாட்கள், குறிப்பிட்ட தியேட்டர் நாள் உண்டு. நீங்கள் முதல் தடவை எந்தக் கிழமை போகிறீர்களோ அந்த யூனிட்டின் நோயாளியாகிவிடுவீர்கள். ஓ.பி. சீட்டில் யூனிட் எண் எழுதியிருக்கும். அடுத்த தடவை வேறு கிழமையில் போனால் வேறு மருத்துவர் இருப்பார், கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கும். வெளியூரிலிருந்து வருபவர்கள் பாதி நாளை வீணாக்குவது இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான்.

யூனிட்டில் இருக்கும் உதவி மருத்துவரிடமோ பி.ஜி. மருத்துவரிடமோ பணிவாக மூன்று எண்களைக் கேளுங்கள். மூட்டு மாற்றுக்கு எத்தனை பேர் பட்டியலில் முன்னால் இருக்கிறார்கள், வாரத்தில் எத்தனை தியேட்டர் நாள், ஒரு நாளில் எத்தனை மூட்டு செய்கிறீர்கள். 14 பேர் முன்னால், வாரம் ஒரு நாள், நாளுக்கு இரண்டு என்றால் ஏழு வாரம். அதோடு இரண்டு மூன்று வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். விபத்துக் கேஸ்கள் வந்தால் திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போகும், மயக்க மருத்துவர் வேறு தியேட்டருக்குப் போகவேண்டி வரலாம், சரியான சைஸ் மூட்டு வந்து சேராமலிருக்கலாம். ஆக சுமார் பத்து வாரம்.

தனியாரில் ஒரு வாரத்தில் நாள் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு வாரத்தை உங்களால் பயன்படுத்திக்கொள்ள முடியுமா என்பது வேறு கேள்வி. சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8-க்குக் கீழே, முடிந்தால் 7.5-க்குக் கீழே வரவேண்டும் என்று பெரும்பாலான அறுவை சிகிச்சை நிபுணர்கள் எதிர்பார்ப்பார்கள். அதற்கு மேல் இருக்கும்போது மூட்டை வைத்தால் கிருமி பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. கிருமி பிடித்த செயற்கை மூட்டைக் கழற்றி மீண்டும் வைப்பது முதல் அறுவை சிகிச்சையைவிடப் பல மடங்கு துன்பமும் செலவும். இன்று எச்பிஏ1சி 9-க்கு மேல் இருக்கும் ஒருவருக்கு அதைக் குறைக்க எப்படியும் இரண்டு மூன்று மாதம் வேண்டும். ரத்தசோகையும் அப்படித்தான்; ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் இருந்தால் இரும்புச்சத்து ஏற்றிச் சரிசெய்ய வாரங்கள் ஆகும். அரசு மருத்துவமனைப் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு இதைச் செய்தால் இரண்டு காத்திருப்பும் ஒரே காலத்தில் ஓடிவிடும். எச்பிஏ1சி 9.5 இருக்கும்போதே "வரும் வியாழன் செய்துவிடலாம்" என்று சொல்லும் மருத்துவமனையைப் பார்த்து நான் பயப்படவே சொல்வேன். வேகம் அங்கே நல்ல அறிகுறி ஆகாது.

படி 5: கத்தி பிடிப்பவர் யார், ராத்திரி பார்ப்பவர் யார்

கட்டடத்தைவிட, செய்பவரின் கைப்பழக்கம் முக்கியம். வாரந்தோறும் மூட்டு மாற்றுபவரின் முடிவுகள், மாதத்துக்கு ஒன்றிரண்டு செய்பவரின் முடிவுகளைவிடப் பொதுவாக நன்றாக இருக்கும். அதனால் எங்கே போனாலும் "இந்த மாதம் எத்தனை முழங்கால் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்படமாட்டார். தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்க அனுமதி உண்டு என்பதால், மாலையில் நீங்கள் தேடிப்போகும் அதே நிபுணர் காலையில் அரசு மருத்துவமனையில் யூனிட்டோடு இருக்கலாம். அவரிடமே நேராகக் கேட்டுப் பாருங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பி.ஜி. மருத்துவர்கள்தான் செய்வார்கள் என்று ஒரு பயம் இருக்கிறது. பயிற்சி மருத்துவர்கள் உதவிக்கு நிற்பார்கள், சில கட்டங்களைச் செய்வார்கள், மூத்தவர் மேற்பார்வையில். யார் தலைமை தாங்குகிறார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தனியாரில் வேறு விதமான ஆபத்து இருக்கிறது. சிறிய மருத்துவமனைகளுக்கு நகரத்திலிருந்து நிபுணர் வந்து காலையில் மூன்று நான்கு மூட்டு செய்துவிட்டு மாலையில் திரும்பிவிடுவார். அறுவை சிகிச்சை சுத்தமாக நடந்திருக்கும். இரண்டாம் நாள் ராத்திரி மூச்சுத் திணறினால், கால் வீங்கினால், பார்ப்பதற்கு அங்கே யார் இருக்கிறார்? எலும்பு மருத்துவர் ஒருவர் ஊரிலேயே இருக்கிறாரா, ராத்திரி தங்கும் மருத்துவர் யார், ஐசியூ இருக்கிறதா என்று அட்வான்ஸ் கட்டுமுன் கேட்டுவிடவேண்டும்.

நோயாளிக்கு இதயத்தில் ஸ்டென்ட், சிறுநீரகப் பழுது, பழைய பக்கவாதம் இருந்தால் இந்தக் கேள்வியே முடிவைத் தீர்மானித்துவிடும். அவர்களுக்கு இதய மருத்துவரும் டயாலிசிஸும் ஐசியூவும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம் தேவை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அது இருக்கும், பெரிய தனியார் மருத்துவமனையிலும் இருக்கும். இருபது படுக்கை நர்சிங் ஹோமில் இருக்காது.

ஓர் உதாரணக் கணக்கு

ஒரு கிராமத்து அம்மாவை வைத்துப் பார்ப்போம். வயது 62. வலது முழங்கால் முழுக்கத் தேய்ந்துவிட்டது. எச்பிஏ1சி 9.2. இரண்டு ஆண்டுக்கு முன் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். குடும்ப வருமானம் 96,000, காப்பீட்டு அட்டை இருக்கிறது. மகன் தினக்கூலி, நாளுக்கு 700 ரூபாய்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பட்டியல் பத்து வாரம். பல அரசு மருத்துவமனைகளில் தையல் பிரிக்கும்வரை கூட வார்டில் வைத்திருப்பார்கள், அதனால் பன்னிரண்டு நாள் என்று கொள்வோம். கூட இருக்கும் மகனின் கூலி இழப்பு 8,400. சாப்பாடு 1,800. முன்னும் பின்னும் போய்வரும் செலவு 1,500. வாக்கர், கழிப்பறைக்கு உயர்த்திய நாற்காலி 3,500. மொத்தம் 15,200.

அதே அட்டையில் பக்கத்து ஊர்த் தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள். கூலி இழப்பு 3,500. சாப்பாடு 750. போக்குவரத்து 1,500. வாக்கரும் நாற்காலியும் 3,500. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவதால் பிசியோதெரபி வீட்டில் தேவை, பதினைந்து தடவைக்கு 400 வீதம் 6,000. மொத்தம் 15,250.

கிட்டத்தட்ட ஒரே தொகை. அரசில் பன்னிரண்டு நாள் வார்டிலேயே பயிற்சி கிடைத்துவிடுகிறது. தவிர, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் வசதி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவைத்தால் தனியாரில் செய்தவர்களும் கேட்டுப் பார்க்கலாம். காத்திருப்பிலும் வித்தியாசம் இல்லை, 9.2-ஐக் குறைக்க எப்படியும் மூன்று மாதம். மிச்சம் இருப்பது ஸ்டென்ட். பக்கத்து ஊர் மருத்துவமனையில் நிபுணர் மாதம் இரண்டு தடவை வந்துபோகிறார், இதய மருத்துவர் இல்லை என்றால், இந்த அம்மா மருத்துவக் கல்லூரிக்குத்தான் போகவேண்டும்.

ஸ்டென்ட்டும் சர்க்கரையும் இல்லாத 60 வயதுக்காரர், அட்டை உள்ளவர், மகன் வேலையை விட்டு வரமுடியாதவர் என்றால் அதே தனியார் மருத்துவமனை நல்ல முடிவு, ராத்திரி மருத்துவர் விஷயத்தை உறுதி செய்துகொண்டால் போதும். வருமானம் வரம்பைத் தாண்டி அட்டை இல்லை, எடுத்த பாலிசிக்கும் 14 மாதம்தான் ஆகிறது, காத்திருப்பு 24 மாதம் என்றால் இரண்டு வழி. வலி தாங்கமுடிந்தால் பத்து மாதம் பயிற்சியோடு தள்ளிப்போடலாம். முடியாவிட்டால் அரசு மருத்துவமனையில் மூட்டை மட்டும் வாங்கிக்கொடுத்துச் செய்யலாம். கடன் வாங்கி இரண்டரை லட்சம் கட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் யோசிக்கவேண்டும்.

படி 6: குறித்த நாள் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

தியேட்டர் நாள் காலையில் திருப்பி அனுப்பப்படுவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் நோயாளி பக்கத்தில் இருக்கும். காலில் சிரங்கு, விரலிடுக்கில் சேற்றுப்புண், சொத்தைப்பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று, இவற்றில் எது இருந்தாலும் மூட்டு வைக்கமாட்டார்கள். இரண்டு வாரம் முன்பே பார்த்துச் சரிசெய்யுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் காலில் முடியை வீட்டில் பிளேடால் மழிக்கவேண்டாம், சின்னக் கீறல் வழியே கிருமி நுழையும்.

மாத்திரைகளை அவை வந்த அட்டையோடு எடுத்துக்கொண்டுபோய் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். குளோபிடோக்ரெலைப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் முன்பு நிறுத்துவார்கள், ஆனால் ஸ்டென்ட் உள்ளவர் இதய மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் நிறுத்தக்கூடாது. சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தவேண்டும். இது பல இடங்களில் விட்டுப்போகிறது. பட்டினியோடு சேரும்போது ரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தாகலாம், அதுவும் சர்க்கரை அளவு அதிகமில்லாமலே நடக்கும் என்பதால் சட்டென்று பிடிபடாது.

வீட்டில் தரையோடு இருக்கும் கழிப்பறை என்றால், அட்மிஷனுக்கு முன்பே உயர்த்திய நாற்காலியை வாங்கிவைத்து நோயாளியை உட்காரவைத்துப் பழக்குங்கள். மூட்டு மாற்றியபின் குந்தி உட்காரமுடியாது.

படி 7: டிஸ்சார்ஜ் அன்றும் அதன்பின்னும்

மூட்டுப் பெட்டியில் கம்பெனி பெயர், சைஸ், லாட் எண் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒரு செட் கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும். இன்னொரு செட்டை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பதினைந்து ஆண்டு கழித்து ஒரு பாகம் தேய்ந்து அதை மட்டும் மாற்றவேண்டி வந்தால், அந்த எண் இல்லாமல் எந்தப் பாகம் பொருந்தும் என்று தேடுவது பெரும்பாடு. அரசிலும் தனியாரிலும் கேட்காவிட்டால் கிடைக்காத பொருள் இது.

வீட்டுக்கு வந்தபின் காயத்தைத் தினமும் பாருங்கள். முதல் சில நாள் கட்டுத்துணியில் லேசாக ஈரம் இருக்கலாம். ஒரு வாரம் ஆகியும் கசிவு நிற்கவில்லை, அல்லது நின்ற கசிவு மறுபடி தொடங்கிவிட்டது என்றால் பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். பொதுவாக நடக்கும் பெரிய தவறு இதுதான். அந்த மாத்திரை மேலே இருக்கும் அறிகுறியை மறைத்துவிடும், மூட்டின்மேல் படிந்த கிருமியைக் கொல்லாது, பிறகு நீர் எடுத்துச் சோதித்தாலும் எந்தக் கிருமி என்று தெரியாமல் போய்விடும். அறுவை சிகிச்சை செய்த யூனிட்டுக்கே அன்றே திரும்பிப் போங்கள். அரசு மருத்துவமனை என்றால் ஓ.பி. நாள் வரும்வரை காத்திருக்காமல் வார்டுக்கே போகலாம். சீக்கிரம் வந்தால் திறந்து கழுவி மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஒரு மாதம் மாத்திரையில் ஓட்டிவிட்டு வந்தால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும். ஆடுசதை இறுகி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ 108-ஐ அழையுங்கள், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும்.